பேட்டா என்றால் ஊக்கத்தொகை இல்லை

வேலைக்கு ஆள் தேடும் விளம்பரங்களிலும், ஆங்கிலத்திலிருந்து பெயர்த்த பணி ஆணைகளிலும் ஒரு தொடர் திரும்பத் திரும்ப வருகிறது: ‘ஓட்டுநர்: மாதச் சம்பளம் + இரவு ஊக்கத்தொகை.’ வண்டி ஓட்டுபவர் யாரும் இப்படிச் சொல்வதில்லை. அவர்களுக்கு அது பேட்டா. வெளியூரில் தங்கினால் நைட் பேட்டா.

பேட்டா ஆங்கிலேயர் காலத்து ‘batta’ என்ற சொல். போர்த்துகீசியர் வாய் வழியாக வந்தது என்றும், நெல்லைக் குறிக்கும் கன்னட ‘பத்த’த்தோடு உறவுடையது என்றும் சொல்வார்கள். கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் இது சம்பளத்துக்கு மேல் கொடுத்த களச்செலவுப் பணம். 1766-ல் கிளைவ் இரட்டைப் பேட்டாவை நிறுத்தியதும் வங்காளத்தில் இருந்த வெள்ளை அதிகாரிகள் கூட்டமாக ராஜினாமா செய்யக் கிளம்பினார்கள். வெளியே போனால் செலவாகும், அதை வேலை கொடுப்பவர் தர வேண்டும் என்பதுதான் அன்றும் இன்றும் சொல்லின் உட்பொருள்.

ஊக்கத்தொகை அப்படியா? கூடுதலாக உழைத்தவருக்கு, இலக்கைத் தாண்டியவருக்கு, முதலாளி மகிழ்ந்து தருவது அது. சரியாகச் செய்யவில்லை என்றால் குறைக்கலாம், இந்த மாதம் இல்லை என்றும் சொல்லலாம். திருச்சியிலிருந்து கிளம்பி மதுரையில் காரின் இருக்கையைச் சாய்த்துப் படுத்திருக்கும் ஓட்டுநரை யாரும் ஊக்குவிக்கவில்லை. அவர் வீட்டில் சாப்பிட்டிருக்க வேண்டிய சாப்பாட்டைக் கடையில் வாங்குகிறார். ஓர் இரவுக்குப் பேட்டா 400 ரூபாய் என்றால், கணக்கைப் பாருங்கள்: இரவுச் சாப்பாடு 120, காலை டிபன் 70, மதியம் 100, நாலு டீ 60, கட்டணக் குளியலறை 30. மிச்சம் 20 ரூபாய். இதில் ஊக்கம் எங்கே இருக்கிறது?

பெயரை மாற்றினால் கணக்கும் மாறுகிறது. ‘மாதம் 24,000 வரை’ என்று ஒரு விளம்பரம் என்று வைத்துக்கொள்வோம். பிரித்துப் பார்த்தால் நிலையான சம்பளம் 16,000, அதோடு 20 இரவுக்கு 400 வீதம் 8,000. அந்த மாதம் ஆறு இரவுதான் வெளியூர் என்றால் கையில் வருவது 18,400. அதிலும் அந்த 2,400 வழியிலேயே கரைந்திருக்கும். வீட்டு வாடகைக்கும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கும் நிற்பது 16,000 மட்டுமே. பேட்டா என்று எழுதியிருந்தால் ஓட்டுநர் உடனே ‘எத்தனை நைட் வரும்?’ என்று கேட்பார். ஊக்கத்தொகை என்றால் நன்றாக ஓட்டினால் கிடைக்கும் பணம் என்று நினைத்துவிடுவார்.

சட்டத்திலும் இரண்டும் வேறு. 1936-ம் ஆண்டு சம்பளப் பட்டுவாடா சட்டம், பயணப்படியையும், வேலையின் தன்மையால் வரும் தனிச்செலவை ஈடுகட்டும் தொகையையும் சம்பளத்துக்கு வெளியே நிறுத்தியது. வேலை நிபந்தனைப்படி சேர்த்துத் தரும் ஊதியத்தை, என்ன பெயரில் தந்தாலும், சம்பளத்துக்குள் வைத்தது. மொழிபெயர்ப்பாளர் ஒரு சொல்லைக் கைபோன போக்கில் போட்டால் பணம் வேறு பெட்டிக்குப் போய்விடுகிறது. ‘தினக்கூலி’ என்று போட்டவர்களும் உண்டு. மாதச் சம்பளக்காரரைக் கூலி ஆளாக்கிவிட்டார்கள்! அகராதியில் முதலில் கண்ணில் படுவதை எடுத்துப் போடும் வழக்கம் எப்போது ஒழியுமோ.

இத்தனைக்கும் சொல் இல்லாத மொழியா நம்முடையது? ‘படி’ இருக்கிறது. நெல் அளக்கும் படி, படியளப்பது என்று வளர்ந்து, அகவிலைப்படி, பயணப்படி என்று அரசு அலுவலகம் வரை வந்துவிட்டது. பஞ்சத்தில் அடியவர்களுக்கு உணவிட, திருவீழிமிழலையில் சம்பந்தருக்கும் அப்பருக்கும் நாள்தோறும் கிடைத்ததைப் படிக்காசு என்றுதான் சொல்கிறோம். பேட்டாவின் அடியிலும் நெல், படியின் அடியிலும் நெல். இதைவிடப் பொருத்தம் வேண்டுமா?

தனித்தமிழ் அன்பர்கள் சிலர் ‘தங்கல்படி’ என்கிறார்கள். அதில் எனக்கு ஒரு தயக்கம். இரவு இரண்டு மணிக்கு வண்டியை ஷெட்டில் விட்டவரிடம் ‘நீ எங்கும் தங்கவில்லையே’ என்று கையை விரித்துவிடலாம். வாடகைக் கார்களில் பலர் பத்து மணியைத் தாண்டினாலே நைட் பேட்டா கணக்கிடுகிறார்கள். ஆகவே ‘இரவுப்படி’ நல்லது. எந்த மணியிலிருந்து இரவு என்பதைப் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும். பேச்சில் பேட்டா இருந்துவிட்டுப் போகட்டும், அதைத் துரத்த எனக்கு ஆசை இல்லை. ஒன்று மட்டும் கவனம்: அரசுப் பேருந்தில் வசூலுக்கு ஏற்பத் தருவதையும் பேட்டா என்றே சொல்கிறார்கள். அதை வேண்டுமானால் ஊக்கத்தொகை என்று பெயர்க்கலாம், மறுக்கமாட்டேன்.

பணி ஆணையில் இப்படி இருந்தால் போதும்: ‘மாதச் சம்பளம் 16,000 ரூபாய். இரவு 10 மணிக்கு மேல் வண்டியோடு வெளியே இருக்கும் ஒவ்வோர் இரவுக்கும் இரவுப்படி 400 ரூபாய், அன்றன்றே தரப்படும்.’