வீட்டு வேலைக்குச் சம்பளம் பேசும்போது மணியையும் பேசுங்கள்

எங்கள் தருமபுரிப் பக்கம் வீட்டு வேலைக்கு ஆள் வைப்பது பெரும்பாலும் வாசல்படியிலேயே முடிந்துவிடும். "பாத்திரம், கூட்டித் துடைக்கிறது, அவ்வளவுதான். என்ன கேக்கற?" "நீங்களே பாத்துக் குடுங்கக்கா." ஒரு தொகை சொல்வார்கள், மறுநாளே வேலை ஆரம்பித்துவிடும். எத்தனை மணி நேரம், மாதத்துக்கு எத்தனை நாள் லீவு, துணி உண்டா இல்லையா, எதுவும் பேச்சில் வராது. நான் இங்கே வழக்கறிஞராக இருக்கிறேன். இந்த மாதிரி வேலைகளில் வரும் சண்டை நீதிமன்றம்வரை போவது அபூர்வம். இரண்டு தரப்பும் ஒரு மத்தியஸ்தரைத் தேடி வருவார்கள், அவ்வளவுதான். அப்படி வந்த ஒன்றை, ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி எழுதுகிறேன்.

வேலை செய்பவர் நல்லம்பள்ளிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வருகிறவர். காலை எட்டரைக்கு வீட்டுக்குள் நுழைவார். பாத்திரம் கழுவி, கூட்டித் துடைத்துவிட்டுப் பத்து மணிக்குக் கிளம்புவார். மாதம் 2,500 ரூபாய், இரண்டு நாள் லீவு. பத்தரைக்கு அடுத்த தெருவில் இன்னொரு வீடு, அங்கே 2,000. இரண்டு வருஷம் பிரச்சினையே இல்லை.

பிறகு வீட்டுக்கார அக்காவின் மகள் பிரசவத்துக்கு வந்தார். குழந்தைத் துணி அலசுவது, வெந்நீர் போடுவது, பார்க்க வருபவர்களுக்குக் காபி டம்ளர் கழுவுவது என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. ஒகேனக்கல் தண்ணீர் விடும் நாளில் டிரம் நிரப்பும் வேலையும் இவர் தலையில் விழுந்தது. யாரும் திட்டம் போட்டு ஏமாற்றவில்லை. "கொஞ்சம் இதையும் பாத்துடும்மா" என்று தினம் ஒரு வேலை, அவ்வளவுதான். மூன்றே வாரத்தில் பத்து மணிக்கு முடிந்த வேலை பதினொன்றரைக்கு முடிந்தது. அடுத்த தெரு வீட்டில் நேரத்துக்கு வரவில்லை என்று நிறுத்திவிட்டார்கள். அந்த 2,000 போனது. அதே மாதம் மாரியம்மன் பண்டிகைக்கும் ஒரு சாவுக்குமாக ஐந்து நாள் வரவில்லை. நாளுக்கு நூறு என்று 500 ரூபாய் பிடித்துக்கொண்டு 2,000 கையில் கொடுத்தார்கள். மறுநாளிலிருந்து அவர் வரவில்லை.

அக்காவுக்குக் கோபம்: "வருஷா வருஷம் தீபாவளிக்குப் புடவை, ஒரு மாசச் சம்பளம், எதுல குறை வச்சேன்?" அந்த அம்மாவின் பதில் ஒரே வரி: "புடவைய நான் குறை சொல்லலியே சார்." இரண்டு பேர் சொன்னதும் நியாயம்தான். கணக்கு போட்டால்தான் விஷயம் எங்கே இருக்கிறது என்று தெரியும்.

முதலில் இருந்த ஏற்பாட்டில் நாளுக்கு ஒன்றரை மணி நேரம், மாதம் 28 நாள், ஆகமொத்தம் 42 மணி நேரம். 2,500-ஐ வகுத்தால் மணிக்கு ஏறக்குறைய 60 ரூபாய். பிரசவத்துக்குப் பிறகு நாளுக்கு மூன்று மணி நேரம், மாதம் 84. அதே 2,500 இப்போது மணிக்கு 30 ரூபாய்கூடத் தேறவில்லை. தமிழ்நாடு அரசு 2018-இல் வீட்டு வேலைக்குக் குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்தபோது வைத்த அடிப்படைத் தொகையே மணிக்கு 37 ரூபாய். அகவிலைப்படி அதற்கு மேல். அக்கா சம்பளத்தில் ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை. ஆனால் கூலி பாதியாகி, அரசு சொன்ன அளவுக்கும் கீழே போய்விட்டது. மாதத் தொகையை மட்டும் பேசினால் இது யார் கண்ணுக்கும் படாது.

லீவுப் பிடித்தம் அடுத்தது. வீட்டு வேலைக்கு வருஷத்துக்கு இத்தனை நாள் லீவு என்று சட்டத்தில் எண்ணிக்கை இல்லை, பேசி வைத்துக்கொள்வதுதான் கணக்கு. இங்கே பேசியது மாதம் இரண்டு நாள். அப்படியானால் கூடுதலாக எடுத்தது மூன்று நாள்தான். லீவு நாளுக்கும் சேர்த்துத்தான் மாதச் சம்பளம் என்பதால் 30-ஆல் வகுக்க வேண்டும்: நாளுக்கு 83 ரூபாய், மூன்று நாளுக்கு 250. பிடித்தது 500. அதே வீட்டில் போன கோடையில் எல்லாரும் பத்து நாள் பெங்களூர் போய்விட்டு, அந்தப் பத்து நாளுக்கும் சம்பளத்தில் கைவைத்ததாகப் பேச்சுவாக்கில் தெரிந்தது. வர மாட்டேன் என்று அவர் சொல்லவில்லை, கதவு பூட்டியிருந்தது. அந்த நாட்களுக்குச் சம்பளம் கொடுத்தே ஆக வேண்டும் என்பது என் கட்சி. மற்ற வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வந்தாலும் சரி.

உட்கார்ந்து பேசி முடித்தபோது, ஒரு நோட்டுத் தாளில் ஏறக்குறைய இப்படி எழுதினோம்:

"வேலை: பாத்திரம், கூட்டித் துடைத்தல், மெஷின் துணி காயப்போடுதல், தண்ணீர் பிடித்தல். காலை எட்டரை முதல் பத்தே முக்கால் வரை. ஞாயிறு லீவு. சம்பளம் 3,500, ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதிக்குள். குழந்தைத் துணி, வெந்நீர் வேலை தனி, தினம் முக்கால் மணி நேரம், குழந்தைக்கு ஐந்து மாதம் ஆகும்வரை மாதம் 1,200. பண்டிகை, விசேஷத்துக்கு வருஷத்தில் 12 நாள் சம்பளத்தோடு லீவு, முந்தின நாளே போனில் சொல்ல வேண்டும். சாவுக்குச் சொல்லாமல் போகலாம். வீட்டார் ஊருக்குப் போனால் பிடித்தம் இல்லை. நிறுத்துவதானாலும் நின்றுகொள்வதானாலும் ஒரு மாதம் முன்பு சொல்ல வேண்டும்."

தொகை எப்படி வந்தது என்றால், மாதம் 26 நாள், நாளுக்கு இரண்டேகால் மணி நேரம், அதே பழைய 60 ரூபாய். புதிதாக எதையும் கூட்டவில்லை. பிடித்ததில் அதிகமான 250-ம் திரும்பி வந்தது. தாளை இரண்டு பேரும் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டார்கள். கழிவறை கழுவுவது மட்டும் தாளில் ஏறவில்லை. அந்த அம்மா முடியாது என்றார், அக்காவும் விட்டுவிட்டார். இதையெல்லாம் முதல் நாளே கேட்டுவிடுவது நல்லது. கூடவே, வேலைக்கு வருபவர் எந்தக் கழிவறைக்குப் போவார் என்பதையும். மூன்று மணி நேரம் வேலை வாங்கிவிட்டு "பஸ் ஸ்டாண்டுல போய்க்கோ" என்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. தனி டம்ளர் வைக்கிற வீடுகளைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை வேறு பக்கம் போய்விடும்.

அட்வான்ஸ் விஷயத்தில் மட்டும் ஒரு எச்சரிக்கை. பள்ளிக்கூடம் திறக்கும் ஜூனில் ஐந்தாயிரம், பத்தாயிரம் வாங்குவது சகஜம். மாதம் எவ்வளவு பிடிப்பது என்பதைத் தேதியோடு ஒரு நோட்டில் இரண்டு பேரும் எழுதிக்கொள்ளுங்கள். பாக்கி இருக்கிறது என்பதற்காக "கழிச்சுட்டுத்தான் போகணும்" என்று ஆளை நிறுத்தி வைக்கக் கூடாது. கடனைத் திருப்பிக் கேட்கலாம். கடனுக்காக வேலையில் கட்டிப்போட்டால் அது 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்துக்குள் வந்துவிடும்.

வீட்டுப் பணியாளர் நலவாரியம் 2007-இலிருந்து இருக்கிறது. 18 வயது முடிந்து 60-க்குள் இருப்பவர்கள் பதியலாம். பிள்ளைகள் படிப்பு, மகப்பேறு, விபத்து ஆகியவற்றுக்கு உதவித்தொகை உண்டு, 60-க்குப் பிறகு ஓய்வூதியமும் உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டிலும் தொழிலாளர் உதவி ஆணையர் சமூகப் பாதுகாப்புத் திட்ட அலுவலகத்தில் விசாரிக்கலாம். அலுவலகம் வேலை நாளில்தான் திறந்திருக்கும், வீட்டு வேலையும் அதே நேரத்தில்தான். அந்த அக்கா இதற்காக ஒரு நாள் சம்பளத்தோடு லீவு கொடுப்பதாகச் சொன்னார். தாளின் கடைசி வரியாக அதையும் சேர்த்தோம்.