எமுலேட்டருக்கு அள்ளிக் கொடுத்தால் ஏன் திணறுகிறது?

மொபைல் கேமைக் கணினியில் ஓட்டும் எமுலேட்டர், பார்ப்பதற்கு மற்ற மென்பொருள்களைப் போல ஒரு விண்டோதான். உள்ளே இருப்பது வேறு. அதற்குள் ஒரு முழு ஆண்ட்ராய்டு, வன்பொருளை ஆளும் மையப் பகுதியான லினக்ஸ் கெர்னலைத் தனக்கென்றே வைத்துக்கொண்டு, பூட் ஆகி ஓடிக்கொண்டிருக்கிறது. தனக்கென்று நான்கு கோர் இருக்கிறது, 4 ஜிபி ரேம் இருக்கிறது என்று அது நம்பிக்கொண்டிருக்கிறது. அந்த நம்பிக்கையை விண்டோஸ் எவ்வளவு தூரம் காப்பாற்றுகிறது என்பதைப் பொறுத்துத்தான் கேம் வழுக்கிக்கொண்டு ஓடும், இல்லையென்றால் தத்தித் தத்தி நகரும்.

ஒரு கெர்னலுக்குள் இன்னொரு கெர்னலை ஓட்டுவதில் x86 புராசஸர்களுக்குப் பழைய சிக்கல் ஒன்று உண்டு. POPF என்ற கட்டளையை எடுத்துக்கொள்வோம். கீபோர்டு, டைமர் போன்றவை புராசஸரை இடைமறித்து அழைக்கும் இன்டரப்டுகளை நிறுத்தி வைக்கவும் திரும்பத் திறக்கவும் கெர்னல் இதைப் பயன்படுத்தும். ஆனால் விருந்தாளியாக வந்த கெர்னலை, சாதாரண மென்பொருளுக்கு உள்ள உரிமையோடுதான் ஓடவிட முடியும். அந்த நிலையில் POPF கொடுத்தால் புராசஸர் பிழை எதுவும் காட்டாது. இன்டரப்ட் பற்றிய பகுதியை மட்டும் சத்தமில்லாமல் விட்டுவிட்டு அடுத்த கட்டளைக்குப் போய்விடும். இன்டரப்ட் நின்றுவிட்டது என்று கெர்னல் நினைக்கும், நின்றிருக்காது. பிழை காட்டியிருந்தாலாவது எமுலேட்டர் அதைப் பிடித்துச் சமாளித்திருக்கும். இப்படிப்பட்ட கட்டளைகளை ஓடுவதற்கு முன்பே தேடிப்பிடித்து மாற்றி எழுதுவதைத் தவிர அப்போது வேறு வழி இருக்கவில்லை. அதற்கு நேரம் ஆகும்.

இன்டெல் 2005 கடைசியில் VT-x என்றும், ஏஎம்டி 2006இல் AMD-V என்றும் இதற்கு விடை கொடுத்தன. விருந்தாளிக் கெர்னலுக்கென்றே புராசஸரில் தனி நிலை ஒன்று வந்தது. அந்த நிலையில் கெர்னல் தன் கட்டளைகளை நேரடியாகப் புராசஸரிலேயே ஓட்டலாம். உண்மையிலேயே தலையிட வேண்டிய இடத்தில் மட்டும் கட்டுப்பாடு எமுலேட்டருக்குத் திரும்பும். கணினி ஆன் ஆனதும் விண்டோஸுக்கு முன்பே ஓடும் பயாஸில், விர்ச்சுவலைசேஷன் என்று நாம் இயக்குவது இதைத்தான்.

இதை ஏன் விண்டோஸுக்குள்ளேயே இயக்க முடிவதில்லை என்ற கேள்வி வரும். இன்டெல் புராசஸருக்குள் இதற்கென்று ஒரு கட்டுப்பாட்டு ரெஜிஸ்டர் இருக்கிறது. கணினி ஆன் ஆகும்போது பயாஸ் அதில் 'அனுமதி' அல்லது 'தடை' என்று எழுதி, கையோடு பூட்டியும் விடுகிறது. அடுத்த ரீஸ்டார்ட் வரை அதை யாரும் மாற்ற முடியாது, விண்டோஸும்தான். எந்த நச்சு மென்பொருளும் ரகசியமாக இதை இயக்கிவிட்டு விண்டோஸுக்கு அடியில் போய் உட்கார்ந்துவிடக்கூடாது என்பதற்கான பூட்டு அது.

எமுலேட்டரைக் குறை சொல்வதற்கு முன் நிலைமையைப் பார்த்துவிடுவது நல்லது. டாஸ்க் மேனேஜரைத் திறந்து, Performance பகுதியில் CPU-வைக் கிளிக் செய்தால் கீழே Virtualization என்ற வரி இருக்கும். Disabled என்றிருந்தால் பயாஸுக்குப் போக வேண்டும். ஆன் ஆகும்போது Del அல்லது F2 விசையைத் தட்டிக்கொண்டே இருப்பது ஒரு வழி. வேகமாக பூட் ஆகும் புதிய கணினிகளில் அதற்குள் திரை கடந்துவிடும். அப்போது, கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து இதைக் கொடுத்தால் கணினி ரீஸ்டார்ட் ஆகி நேராக பயாஸில் போய் நிற்கும்:

```
shutdown /r /fw /t 0
```

இன்டெல் போர்டுகளில் தேட வேண்டிய பெயர் Intel Virtualization Technology. பெரும்பாலும் Advanced, அதற்குள் CPU Configuration என்ற இடத்தில் இருக்கும். ஏஎம்டி போர்டுகளில் பெயர் SVM Mode. சில போர்டுகளில் ஓவர்கிளாக்கிங் பக்கத்துக்குள், CPU அமைப்புகளோடு ஒளிந்திருக்கும். பக்கத்தில் VT-d என்று ஒன்று கண்ணில் பட்டால் குழம்ப வேண்டாம். அது கிராஃபிக்ஸ் கார்டு போன்ற சாதனங்களை விருந்தாளிக்கு நேரடியாகக் கொடுப்பதற்கானது, எமுலேட்டருக்குத் தேவையில்லை. மாற்றியபின் F10 அழுத்திச் சேமித்து வெளியே வரலாம். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் BitLocker இயங்கும் கணினியாக இருந்தால், பயாஸைத் தொடுவதற்கு முன்பே ரெகவரி கீயை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பயாஸ் மாற்றத்துக்குப் பிறகு அது கேட்கக்கூடும்.

பலர் மாட்டிக்கொள்வது இதற்கு அடுத்த படியில். டாஸ்க் மேனேஜர் Enabled என்கிறது, எமுலேட்டரோ இயக்கப்படவில்லை என்று அடம்பிடிக்கிறது. இரண்டுமே பொய் சொல்லவில்லை. பயாஸ் அனுமதி கொடுத்துவிட்டது; ஆனால் அந்த அனுமதியை விண்டோஸின் சொந்த விர்ச்சுவலைசேஷன் மென்பொருளான ஹைப்பர்-வி முதலில் எடுத்துக்கொண்டுவிட்டது. கண்டுபிடிக்க, கமாண்ட் பிராம்ப்டில் systeminfo என்று தட்டினால் போதும். கடைசியில் இந்த வரி வந்தால் விஷயம் அதுதான்:

```
A hypervisor has been detected.
```

விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் WSL2, விண்டோஸ் சாண்ட்பாக்ஸ், Core isolation பக்கத்தில் உள்ள Memory integrity ஆகியவை எல்லாம் ஹைப்பர்-வியைக் கூடவே எழுப்பிவிடும். ஹைப்பர்-வியோடு ஒத்துப்போகும் பதிப்பு உங்கள் எமுலேட்டருக்கு இருந்தால் அதை நிறுவி, Windows Features பட்டியலில் Windows Hypervisor Platform என்பதை டிக் செய்வதே நல்ல வழி. Memory integrity ஒரு பாதுகாப்பு வேலி. ஒரு கேமுக்காக அதை அவிழ்ப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும். வேறு வழியே இல்லையென்றால், அதை அணைத்துவிட்டு, அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்த கமாண்ட் பிராம்ப்டில் இந்தக் கட்டளையையும் கொடுத்து ரீஸ்டார்ட் செய்யலாம். off என்பதை auto என்று மாற்றிக் கொடுத்தால் பழைய நிலை திரும்பும்.

```
bcdedit /set hypervisorlaunchtype off
```

இதுவரை செய்தது கதவைத் திறந்ததுதான். பிறகு எமுலேட்டரின் செட்டிங்ஸில் கோர் எத்தனை, ரேம் எவ்வளவு என்று கேட்கும் இடத்தில், இருப்பதிலேயே பெரிய எண்ணைத் தேர்ந்தெடுக்கக் கை துறுதுறுக்கும். அங்கேதான் கெடுகிறது.

நான்கு கோர், எட்டு லாஜிக்கல் புராசஸர், 8 ஜிபி ரேம் உள்ள கணினி ஒன்றை வைத்துக்கொள்வோம். எமுலேட்டருக்கு 8 கோர், 6 ஜிபி கொடுத்தாயிற்று. எமுலேட்டர் 'கோர்' என்று சொல்வது ஒவ்வொன்றும் விண்டோஸுக்கு வெறும் ஒரு த்ரெட், அதாவது புராசஸருக்காகக் காத்திருக்கும் ஒரு வேலை மட்டும்தான். பிரவுசரின் த்ரெட்டுகளோடு சேர்ந்து அதுவும் வரிசையில் நிற்க வேண்டும். ஆண்ட்ராய்டு வரையும் காட்சியைக் கிராஃபிக்ஸ் கார்டுக்குக் கொண்டுபோவது விண்டோஸ் பக்கத்தில் ஓடும் எமுலேட்டரின் இன்னொரு பகுதி. கிராஃபிக்ஸ் டிரைவர், ஒலி, மவுஸ் அசைவு எல்லாம் அந்தப் பக்கம்தான். எட்டையும் விருந்தாளிக்கே கொடுத்துவிட்டால், விருந்தாளிக்காக உழைக்கும் இவர்களுக்கு இடமில்லை.

கெர்னலின் பூட்டுகளால் வரும் தொல்லை இதைவிட நுட்பமானது. ஒரே தரவை இரண்டு கோர்கள் ஒரே நேரத்தில் தொடக்கூடாது என்பதற்காக லினக்ஸ் கெர்னல் ஸ்பின்லாக்கைப் பயன்படுத்துகிறது. ஒரு கோர் பூட்டை வைத்திருந்தால், மற்றது அதே இடத்தில் சுற்றிச்சுற்றிக் காத்திருக்கும். நிஜ கோர்களில் இது மைக்ரோசெகண்ட் கணக்கில் முடிந்துவிடும். எமுலேட்டருக்குள்ளோ, பூட்டை வைத்திருக்கும் கோரையே விண்டோஸ் நடுவில் நிறுத்திவிட்டு வேறு வேலைக்குப் போகலாம். தான் உறங்கவைக்கப்பட்டது அதற்குத் தெரியாது. மீதிக் கோர்கள் திறக்காத பூட்டைச் சுற்றிக்கொண்டே புராசஸர் நேரத்தைத் தின்னும். 60 ஃபிரேம் வேகத்தில் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது 16.7 மில்லிசெகண்ட்தான், ஒருமுறை இப்படி மாட்டினாலே ஓரிரண்டு ஃபிரேம் தவறிவிடும். புராசஸர் 100 சதவீதத்தில் நிற்க, கேம் மட்டும் திக்குவது இதனால்தான்.

இன்னொன்றும் உண்டு. பல கேம்களின் முக்கிய நிரல் மொபைல்களில் இருக்கும் ஏஆர்எம் வகைப் புராசஸருக்காக எழுதப்பட்டது. எமுலேட்டர் அதை x86 கட்டளைகளாக மொழிபெயர்த்துத்தான் ஓட்டும். VT-x இந்த வேலையில் உதவாது. பாரம் பெரும்பாலும் கேமின் ஓரிரு முக்கிய த்ரெட்டுகள் மேல் விழுவதால், தனி ஒரு கோரின் வேகம்தான் பேசும். ஐந்தாவது, ஆறாவது கோர் கொடுத்துப் பெரிய பலன் இல்லை. டாஸ்க் மேனேஜரில் காணும் லாஜிக்கல் புராசஸர் எண்ணிக்கையில் பாதி, அதுவும் நான்கைத் தாண்டாமல், என்று தொடங்குவது சரியாக இருக்கும். நம் கணினிக்கு 4. இரண்டு கோர், நான்கு லாஜிக்கல் புராசஸர் உள்ளதற்கு 2.

இனி ரேம். 6 ஜிபி கொடுத்த அந்தக் கணினியில் கேம் முதல் பத்து நிமிடம் அருமையாக ஓடும். பிறகு அரை நொடி, ஒரு நொடி என்று உறையத் தொடங்கும். சூடு என்றே பலர் முடிவு கட்டுவார்கள். ஆனால் காரணம் லினக்ஸின் ஒரு நல்ல பழக்கம். சும்மா கிடக்கும் ரேமை அது வீணாக்காது; படித்த கோப்புகளையெல்லாம் அதில் சேர்த்து வைத்துக்கொள்ளும். கேம் ஒவ்வொரு மேப்பாக ஏற்றும்போது அந்தச் சேமிப்பு வளர்ந்து, கொடுத்த 6 ஜிபியையும் மெல்ல மெல்ல நிரப்பும். விருந்தாளி ஒருமுறை தொட்ட ரேம் பொதுவாக எமுலேட்டரை மூடும்வரை விண்டோஸுக்குத் திரும்பாது. விண்டோஸும் பிரவுசரும் சேர்ந்து 3 ஜிபி கேட்டால் கணக்கு 9, இருப்பது 8. மிச்சத்தை விண்டோஸ் டிஸ்க்கில் உள்ள பேஜ் ஃபைலுக்குத் தள்ளும். ஆண்ட்ராய்டு ரேம் என்று நம்பித் தொடும் இடம் டிஸ்க்கில் இருக்கும்; அது திரும்பி வரும்வரை காட்சி உறைந்து நிற்கும்.

சூடா, ரேமா என்று பிரித்தறிய ரிசோர்ஸ் மானிட்டரின் Memory பக்கத்தில் Hard Faults/sec என்ற வரைபடத்தைப் பாருங்கள். உறையும் தருணத்தில் அது எகிறினால் ரேம். அது அமைதியாக இருக்க, டாஸ்க் மேனேஜரில் CPU-வின் Speed என்ற எண் Base speed-க்குக் கீழே இறங்கினால் சூடு என்று சந்தேகிக்கலாம்.

8 ஜிபி கணினிக்கு 3 ஜிபி, 16 ஜிபி கணினிக்கு 4 ஜிபி என்று வைத்தால் பெரும்பாலான கேம்களுக்குப் போதும். குறைத்தால் வரும் கோளாறு வேறு முகத்தோடு வரும்: உறையாது, திக்காது, புதிய மேப் ஏறும்போது கேம் சொல்லாமல் கொள்ளாமல் மறைந்து ஹோம் ஸ்கிரீன் வந்து நிற்கும். இடம் போதாமல் ஆண்ட்ராய்டே அதைக் கொன்றிருக்கும். அப்போது ஒரு ஜிபி கூட்டிப் பார்க்கலாம். ஒரே நேரத்தில் இரண்டு கணக்குகளில் விளையாட இரண்டாவது எமுலேட்டர் விண்டோவைத் திறப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: ஒவ்வொன்றும் தனி ஆண்ட்ராய்டு. 3 ஜிபி என்பது அங்கே 6 ஆகிறது, 4 கோர் 8 ஆகிறது. நம் 8 ஜிபி கணினி கிளம்பிய இடத்துக்கே திரும்பிவிடும்.