முந்துகிளர்வு: ப்ரீ-எக்சைட்டேஷனுக்குத் தமிழில் என்ன சொல்?

நண்பர் ஒருவர் தன் தம்பியின் ஈசிஜி ரிப்போர்ட்டை அனுப்பி, "ப்ரீ-எக்சைட்டேஷன்னு போட்டிருக்கு, முன்கூட்டியே பரபரப்பாகிறான்னு அர்த்தமா?" என்று கேட்டார். சிரிப்பு வந்தாலும் கேள்வியில் தப்பில்லை. எக்சைட்மென்ட் என்றால் நமக்குப் பரபரப்புதானே. ஆனால் இங்கே பரபரப்பது ஆள் இல்லை, இதயத்தின் கீழறைத் தசை.

எக்சைட் என்பதன் லத்தீன் மூலத்துக்கு உசுப்பி எழுப்புவது என்று பொருள். உடலியலில் ஒரு தசை செல் மின்சாரத்தால் எழும்புவதற்கு இந்தச் சொல். தமிழில் பலர் 'முன்தூண்டல்' என்று எழுதுகிறார்கள், எனக்கு உடன்பாடில்லை. தூண்டல் என்பது வெளியிலிருந்து கொடுப்பது; தசை எழும்புவது கிளர்வு. கிளர்தல் என்றால் மேலெழுதல், பொங்குதல் என்று தமிழிலேயே பொருள் இருக்கிறது. ('கிளர்ச்சி' என்று போட்டால் மறியல், கொடி, கோஷம் எல்லாம் ஞாபகம் வரும், அதனால் கிளர்வு.) அடுத்து 'முன்'. முன்கை, முன்பல் என்று பழகிய நமக்கு 'முன்கிளர்வு' என்றால் இதயத்தின் முன்பக்கம் என்று தோன்றிவிடும். இங்கே சொல்லவருவது இடத்தை அல்ல, நேரத்தை. ஆகவே 'முந்துகிளர்வு'. ஊறுகாய் மாதிரி ஒரு வினைத்தொகை, முந்துகிற கிளர்வு.

எதை முந்துகிறது? மேலறையில் பிறக்கும் மின்துடிப்பு கீழறைக்குப் போக வழக்கமாக ஒரே வாசல்தான், ஏவி கணு. அது வேண்டுமென்றே மெதுவாக விடுகிற வாசல், சுமார் 0.1 நொடி நிறுத்திவைத்து அனுப்பும். மேலறை சுருங்கிக் கீழறையை நிரப்ப அந்த அவகாசம் வேண்டும். சிலருக்குக் கரு வளரும்போது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே ஓர் இழை தசை பிரியாமல் நின்றுவிடுகிறது. அதன் வழியாகப் போகும் துடிப்புக்கு நிறுத்தம் கிடையாது, நேரே கீழறையில் போய் இறங்கும்.

இந்த இழைக்கு ஆங்கிலத்தில் அக்சஸரி பாத்வே என்று பெயர். 'துணைப்பாதை' என்று மொழிபெயர்த்தால் ஏதோ உதவிக்கு நிற்கிற பாதை போல இருக்கிறது. அக்சஸரிக்கு வேர்ப்பொருள் 'வந்து சேர்ந்தது', அவ்வளவுதான். நான் 'குறுக்குப்பாதை' என்று எழுதுவேன். வேலையைச் சரியாகச் சொல்கிறது.

இனி டெல்டா அலை. ஈசிஜி தாளில் ஒரு சின்னக் கட்டம் 0.04 நொடி. மேலறை எழும்பத் தொடங்கியதிலிருந்து கீழறை எழும்பத் தொடங்கும்வரை உள்ள நேரம் பிஆர் இடைவெளி; கீழறை எழும்புவதைக் காட்டும் கூர்முனை கியூஆர்எஸ், அதன் உச்சி ஆர். முந்துகிளர்வு இருந்தால் பிஆர் இடைவெளி மூன்று சின்னக் கட்டத்துக்கும் குறைவாக இருக்கும், கியூஆர்எஸ் அகன்றிருக்கும். அதன் ஏற்றம் செங்குத்தாகத் தொடங்காமல் வண்டிப்பாதை போல ஒரு சாய்வில் தொடங்கிப் பிறகுதான் நிமிரும். அந்தச் சாய்வுதான் டெல்டா அலை. குறுக்குப்பாதை வழியே சீக்கிரம் வந்த துடிப்பு சாதாரணத் தசையில் செல்லுக்குச் செல் தவழ்கிறது, அதனால் சாய்வு. அதற்குள் கணு வழியாக வந்த துடிப்பு விரைவுக் கம்பிகளில் பாய்ந்து மீதித் தசையை எழுப்பிவிடுகிறது, அதனால் நிமிர்வு. ஒரே கியூஆர்எஸ்ஸில் இரண்டு பயணிகளின் தடம். தனியாக ஓர் அலை என்று எதுவும் இல்லை, பெயர்தான் அப்படி.

1930இல் வுல்ஃப், பார்க்கின்சன், வைட் மூவரும் ஆரோக்கியமான இளவயதினர் 11 பேரிடம் இந்த ஈசிஜியையும் திடீர்ப் படபடப்பையும் சேர்த்து விவரித்தார்கள், அதனால்தான் டபிள்யூபிடபிள்யூ. டெல்டா என்ற பெயர் 1944இல் செகர்ஸும் அவரது பெல்ஜியக் கூட்டாளிகளும் வைத்தது. கிரேக்க எழுத்து Δ. காவிரி டெல்டாவுக்கும் அதே எழுத்துதான், முக்கோண நிலம். அதற்காக 'கழிமுக அலை' என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள். எழுத்தின் பெயர் எழுத்தாகவே இருக்கட்டும். மூளை வரைபடத்தில் தூக்கத்தின்போது வரும் டெல்டா அலை வேறு, இதற்கும் அதற்கும் உறவே இல்லை.

சரி, மருந்துக்கு வருவோம். 27 வயது ஆள் ஒருவர் நள்ளிரவில் படபடப்போடு அவசரப் பிரிவுக்கு வருகிறார் என்று வையுங்கள். நாடி 220, தாறுமாறு. ரத்த அழுத்தம் 100/60, பேசுகிறார். ஈசிஜியில் கியூஆர்எஸ் அகலம், வேகம், ஒழுங்கில்லை, ஒவ்வொரு துடிப்பின் அகலமும் வேறுவேறு. சில இடங்களில் இரண்டு ஆர் முனைகளுக்கு நடுவே ஒரே ஒரு பெரிய கட்டம், அதாவது 0.2 நொடி, நிமிடத்துக்கு 300 என்ற வேகம். ஏவி கணு இவ்வளவு வேகமாக விடாது, விடவும் தெரியாது. அப்படியென்றால் துடிப்பு வேறு வழியில் இறங்குகிறது. மேலறை ஒழுங்கின்றித் துடிக்கும் மேலறை உதறலும், அதாவது ஏஎஃப்பும், குறுக்குப்பாதையும் சேர்ந்த நிலை இது.

பணியில் இருப்பவர் "ஏஎஃப் தானே, வேகத்தைக் குறைப்போம்" என்று வெராபமில் 5 மில்லிகிராம் ஏற்றுகிறார். சாதாரண மேலறை உதறலில் அது நியாயமான மருந்து. இங்கே சில நிமிடத்தில் கீழறை உதறல், நாடி இல்லை.

ஏன்? "வாசலை அடைத்தால் எல்லாம் குறுக்குப்பாதையில் போகும்" என்பார்கள். பாதி உண்மை. கணு திறந்திருக்கும்போது அதன் வழியே இறங்கும் துடிப்புகளில் சில, குறுக்குப்பாதையின் கீழ்முனைக்குள் ஏறி அதைக் கொஞ்ச நேரம் செயலற்றதாக்கி வைக்கின்றன. மேலிருந்து வருவது அங்கே முட்டி நிற்கிறது. வெராபமில் கணுவை அடைத்ததும் இந்த மறைமுகக் காவல் போய்விடுகிறது. அது ரத்தக்குழாயையும் விரிக்கும், அழுத்தம் விழும், உடல் அட்ரினலினைக் கொட்டும், அட்ரினலின் குறுக்குப்பாதையின் ஓய்வு நேரத்தை, அதாவது ஒரு துடிப்பை விட்டபின் அடுத்ததை ஏற்காத நேரத்தை, இன்னும் குறைக்கும். மருந்தோ அந்தப் பாதையைத் தொடவே இல்லை. கணு ஓடுவது கால்சிய வாயில்களில், குறுக்குப்பாதை ஓடுவது சோடிய வாயில்களில்.

டில்டியாசெமும் இதே வகை. டைகாக்சின் இன்னும் மோசம், குறுக்குப்பாதையின் ஓய்வு நேரத்தைத் தானே நேரடியாகக் குறைக்கக் கூடியது. பீட்டா தடுப்பி ஊசியும் அடினோசினும் இங்கே வேண்டாம். எதற்கெடுத்தாலும் அமியோடரோன் ஊசியைக் கையில் எடுக்கிற பழக்கம் நம்மிடம் உண்டு, அதுவும் இந்த நிலையில் ஆபத்தான பட்டியலில்தான் இருக்கிறது. செய்ய வேண்டியது: அழுத்தம் விழுந்திருந்தால் தாமதிக்காமல், இதயத் துடிப்போடு ஒத்திசைத்த மின் ஷாக். ஆள் நிலையாக இருந்தால் குறுக்குப்பாதையையே மெதுவாக்கும் புரோகெய்னமைடு, அல்லது இபுட்டிலைடு. இரண்டும் கைக்கு எட்டவில்லையா, மயக்கம் கொடுத்து ஷாக்தான்.

ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். அதே டபிள்யூபிடபிள்யூ ஆளுக்குக் குறுகிய கியூஆர்எஸ்ஸோடு கடிகாரம் போல ஒழுங்கான வேகத்துடிப்பு வந்தால் அடினோசின் கொடுக்கலாம். அங்கே துடிப்பு கணு வழியே இறங்கி, குறுக்குப்பாதை வழியே ஏறி, வட்டமடிக்கிறது. கணுவை ஒரு நொடி அடைத்தால் வட்டம் அறுந்துவிடும். ஆனால் அடினோசினே சில சமயம் மேலறை உதறலைக் கிளப்பிவிடும் என்பதால் ஷாக் மெஷின் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஆகவே மருந்துக்குத் தடை நோயின் பெயரை வைத்து இல்லை, அந்த நேரத்தில் துடிப்பு எந்தப் பாதையில் இறங்குகிறது என்பதை வைத்துத்தான்.

நண்பரின் தம்பிக்கு இதுவரை படபடப்பு ஏதும் வந்ததில்லை, ஈசிஜியில் மட்டும் அடையாளம். அதற்கு 'டபிள்யூபிடபிள்யூ அமைப்பு' என்றுதான் பெயர்; படபடப்பும் சேர்ந்தால்தான் 'சிண்ட்ரோம்'. பாதை எவ்வளவு வேகமாக விடக் கூடியது என்று அளந்து பார்க்க மின்னியல் பரிசோதனைக்குப் போகச் சொன்னேன். ஆபத்தான பாதையாக இருந்தால் அங்கேயே கதிரலைச் சூட்டில் அதைச் சுட்டுவிடுவார்கள். இதயத்துக்குள் செலுத்திய மெல்லிய குழாயின் முனை சரியான இடத்தில் பட்டால் சில நொடிகளில், திரையில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, டெல்டா சாய்வு மறைந்து கியூஆர்எஸ் செங்குத்தாக எழும்.