ரிப்பேருக்காக வீட்டைக் காலி செய்யும் முன் எழுதி வாங்க வேண்டியவை

தளத்துக் கான்கிரீட் பெயர்ந்து விழுகிறது, இரண்டு மாதம் வேறு இடத்தில் இருந்துகொள்ளுங்கள், வேலை முடிந்ததும் இதே வீட்டுக்கு வந்துவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர். அவர் நல்ல மனதோடுதான் சொல்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். வெறும் வாய்ச்சொல்லை நம்பிச் சாவியைக் கொடுத்தால், திரும்பி வரும் உரிமையை இன்றைய தமிழ்நாட்டுச் சட்டம் காப்பாற்றித் தராது.

முன்பு இப்படி இல்லை. 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில், ரிப்பேருக்காகக் காலி செய்யச் சொல்லும் வீட்டுக்காரர், மூன்று மாதத்துக்குள் (அனுமதி பெற்றால் இன்னும் சற்றுக் கூடுதலாக) அதே வாடகைதாரருக்கு வீட்டைத் திருப்பித் தருவதாக உறுதிமொழி கொடுக்க வேண்டும். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டுச் சட்டம் இதை மாற்றிவிட்டது. ஆள் இருக்கும்போது செய்யவே முடியாத வேலை என்றால் வீட்டுக்காரர் வாடகை நீதிமன்றத்தில் காலி செய்ய உத்தரவு கேட்கலாம். திரும்பக் குடிவருவது இருவரும் ஒத்துக்கொண்டு, புது ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் தாக்கல் செய்திருந்தால் மட்டுமே. ஆகவே ஒப்பந்தம் முதலில், சாவி பிறகு.

அதற்கும் முன்னால், உண்மையிலேயே காலி செய்ய வேண்டுமா என்று பாருங்கள். ஒரு பாத்ரூம் கசிவுக்கு வீட்டையே விடத் தேவையில்லை. தளத்துக் கம்பி துருப்பிடித்த கதை வேறு. துரு ஊதிப் பெருத்துக் கான்கிரீட்டைத் தள்ளும். சுத்தியலால் தட்டினால் 'டொப் டொப்' என்று உள்ளே வெற்றிடம் கேட்கும். அதைக் கொத்தி, கம்பியின் பின்பக்கம் வரை திறந்து, துருவைச் சுரண்டி, பூச்சு அடித்து, பாலிமர் கலவையை அடுக்கடுக்காகப் பூச வேண்டும். அதுவரை அறை முழுக்க முட்டுக்கால் நிற்கும். கொத்தியபிறகுதான் எவ்வளவு கம்பி தேய்ந்திருக்கிறது என்பதே தெரியும். வேலை இழுத்துக்கொண்டு போவதற்கு இதுவே முக்கியக் காரணம். ஸ்ட்ரக்சுரல் என்ஜினீயரின் அறிக்கையில் எந்தெந்த அறை, எத்தனை நாள் என்று எழுதியிருக்கிறதா என்று கேளுங்கள். ஒரு அறையில் மட்டும் வேலை என்றால் வீட்டிலேயே இருந்துகொண்டு வாடகையைக் குறைத்துக்கொள்ளப் பேசலாம்.

இப்போது ஒரு கணக்கு. வாடகை 18,000, அட்வான்ஸ் 54,000. ஜூன் 10 மாலை சாவி கைமாறுகிறது. மாத வாடகையை முப்பதால் வகுத்து நாளுக்கு 600 என்று எழுதிக்கொண்டால், ஜூனுக்கு 6,000 கொடுத்தால் போதும். திரும்பி வரும் நாள் வரை வாடகை இல்லை. தற்காலிக வீட்டுக்கு 22,000 வாடகை என்றால் மாதம் 4,000 கூடுதல், அதோடு போக வர வண்டிக் கூலி. இவற்றை யார் ஏற்பது என்பது பேச்சுவார்த்தையில் முடிவாக வேண்டிய விஷயம். கட்டடத்தின் அமைப்பு சார்ந்த ரிப்பேர் வீட்டுக்காரர் பொறுப்பு என்பதால், வாடகைதாரர் சேதப்படுத்தாத வரை இதைக் கேட்பதில் நியாயம் இருக்கிறது. புது வீட்டுக்கும் அட்வான்ஸ் கட்ட வேண்டுமே என்று பழையதில் பாதி, அதாவது 27,000 திருப்பிக் கேட்டு, திரும்பும்போது மறுபடி கட்டுவதாக எழுதலாம்.

அதிகமாகச் சண்டை வருவது வேறு மூன்று இடங்களில். ஒன்று, கெடு. 'வேலை முடிந்ததும்' என்று எழுதினால் அதற்கு முடிவே இல்லை. 60 நாள், அதிகபட்சம் 75, அதற்கு மேல் போனால் நாளுக்கு இவ்வளவு ஈடு, அல்லது வாடகைதாரர் விலகிக்கொண்டு முழு அட்வான்ஸையும் வாங்கிக்கொள்ளலாம் என்று எழுதுங்கள். பெயின்ட் காயும் வரை காக்க வேண்டாம். முட்டுக்கால் எடுத்து, தண்ணீர், கரண்ட், கழிவறை, சமையலறை ஓடினாலே குடிவரத்தக்க நிலை என்று வரையறுங்கள். இரண்டு, வாடகை. வீடு புதுசாகத் தெரிந்ததும் 25,000 கேட்பார்கள். வாடகை அதே 18,000 என்றும், காலியாக இருந்த நாட்கள் அளவுக்கு ஒப்பந்தக் காலம் நீளும் என்றும் இருக்கட்டும். பதினோரு மாத ஒப்பந்தம் ஜூலையில் முடிவதாக இருந்தால் இந்த வரி இல்லாமல் எல்லாமே வீண்.

மூன்றாவது, சாவி ரசீது. 'வீட்டைக் காலி செய்து ஒப்படைத்துவிட்டேன், எந்தப் பாக்கியும் இல்லை' என்ற ஒரு வரியில் கையெழுத்துப் போட்டால் வாடகைதாரரே ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டதாக வீட்டுக்காரர் வாதிடலாம். 'இன்ன தேதி ஒப்பந்தப்படி, ரிப்பேர் வேலைக்காக மட்டும், தற்காலிகமாக' என்று எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். அதிலேயே ஈ.பி. மீட்டர் ரீடிங்கையும் குறித்து வையுங்கள். இல்லாவிட்டால் கொத்தும் மெஷினும் வெல்டிங்கும் ஓடிய பில் இரண்டு மாதம் கழித்து வாடகைதாரர் தலையில் விழும்.

உள்ளாட்சி அமைப்பு கட்டடத்தை ஆபத்தானது என்று அறிவித்து நோட்டீஸ் ஒட்டிவிட்டால் பேரம் பேச நேரமில்லை, உடனே வெளியேறுங்கள். அப்போதும் ஒரே பக்கத்தில் திரும்பும் உரிமையை எழுதிக் கையெழுத்து வாங்க அரை மணி நேரம் போதும்.