மெல்பேர்ண் பிள்ளைக்கு தமிழ் ஒரு மேலதிக பாடம்: வி.சி.இ. கணக்கு எப்படி வேலை செய்கிறது

மெல்பேர்ணில் இருக்கும் என் பெறாமகள் அடுத்த வருடம் பதினோராம் வகுப்பு. பள்ளியில் எடுக்கிற பாடங்களுக்கு மேலாக தமிழையும் எடுக்கலாம் என்று யாரோ சொன்னார்களாம். "அக்கா, அது பிள்ளைக்குச் சுமையா, நன்மையா?" என்று தங்கச்சி தொலைபேசியில் கேட்டாள். முப்பது வருடம் வன்னியில் தமிழ் படிப்பித்த எனக்கே உடனே பதில் வரவில்லை. நமக்குத் தெரிந்த முறை வேறு. இங்கே உயர்தரத்தில் 3 பாடம்தான் கணக்கு. பொது ஆங்கிலத்தில் எவ்வளவு எடுத்தாலும் அது இசட் புள்ளிக்குள் வராது. அதனால் மேலதிக பாடம் என்றதும் மல்லாவியில் இருக்கிறவர்களுக்கு வீண் வேலையாகத்தான் தோன்றும்.

விக்ரோரியா மாநிலத்தில் பள்ளி இறுதிச் சான்றிதழுக்கு வி.சி.இ. என்று பெயர். ஒவ்வொரு பாடத்துக்கும் 50க்குள் ஒரு புள்ளி கொடுப்பார்கள். அதன் சராசரி 30. இது தாளில் எடுத்த மதிப்பெண் அல்ல. அந்த வருடம் அதே பாடம் எழுதியவர்களுக்குள் பிள்ளை எங்கே நிற்கிறாள் என்பதைத்தான் அது காட்டும். அதற்குப் பிறகு பாடங்களை ஒன்றுக்கொன்று ஒப்பிட்டு அந்தப் புள்ளியைக் கூட்டிக் குறைப்பார்கள். நமது இசட் புள்ளியும் ஏறக்குறைய இப்படித்தான். மொழிப் பாடங்களுக்கு இதற்கு மேல் ஒரு சலுகை இருக்கிறது: அவற்றின் சராசரியை 5 உயர்த்திவிடுகிறார்கள். எல்லாப் பிள்ளைக்கும் ஏதோ ஒரு அளவு கூடும், ஆனால் ஒவ்வொருவருக்கும் சரியாக 5 விழும் என்று நினைக்கக் கூடாது.

இப்படித் திருத்திய புள்ளிகளை வைத்துத்தான் பல்கலைக்கழகத்துக்கான கூட்டுத்தொகையைப் போடுகிறார்கள். ஆங்கிலம் கட்டாயம். அதோடு மிகச் சிறந்த 3 பாடங்கள் முழுமையாகச் சேரும். ஐந்தாவது, ஆறாவது பாடங்களில் பத்தில் ஒரு பங்கு மட்டும் சேரும். அந்தக் கூட்டுத்தொகைப்படி பிள்ளைகளை வரிசைப்படுத்திச் சொல்வதுதான் ஏடார்.

ஒரு உதாரணம் போட்டுப் பார்த்தேன். பிள்ளைக்கு ஆங்கிலம் 32, மற்றப் பாடங்கள் 34, 33, 30, 28 என்று வைத்துக்கொள்வோம். தமிழ் இல்லாவிட்டால் 32, 34, 33, 30 சேர்ந்து 129. ஐந்தாவதான 28இல் பத்தில் ஒரு பங்கு 2.8. மொத்தம் 131.8. இப்போது தமிழில் திருத்திய புள்ளி 35 வந்தால் 30 கீழே இறங்கி, 32, 35, 34, 33 சேர்ந்து 134 ஆகிறது. ஐந்தாவதுக்கு 3, ஆறாவதுக்கு 2.8. மொத்தம் 139.8, அதாவது 8 கூடுகிறது. அதே பிள்ளைக்கு தமிழில் 26தான் வந்தது என்றால்? அது ஆறாவது பாடமாகி 2.6 மட்டும் கூட்டும். குறைவதற்கு இடமே இல்லை. தங்கச்சியின் கேள்விக்கு நான் சொன்ன பதில் இதுதான்: கூட்டுத்தொகையில் நட்டம் வராது, நட்டம் வந்தால் நேரத்தில்தான் வரும்.

அந்த நேரம் சின்ன விஷயம் இல்லை. கடைசிப் பரீட்சைக்கு மட்டும் போய் எழுதிவிட்டு வர முடியாது. பாதிப் புள்ளி வருடம் முழுவதும் வகுப்பில் செய்யும் வேலைக்கு. மீதிப் பாதியில் வாய்மொழிப் பரீட்சைக்கு 12.5 வீதம், எழுத்துக்கு 37.5 வீதம். ஆகவே ஒரு இடத்தில் பதிந்து படித்தே ஆக வேண்டும். பிள்ளையின் பள்ளியில் தமிழ் இல்லாவிட்டால், அரச பள்ளியான விக்ரோரிய மொழிப் பள்ளியில் சனிக்கிழமை வகுப்பு இருக்கிறது. வி.சி.இ. நடத்த அங்கீகாரம் பெற்ற சமூக மொழிப் பள்ளிகளும் உண்டு. எல்லா ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளிகளுக்கும் அந்த அங்கீகாரம் இருக்காது, அதை முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சறுக்குவது பதிவில்தான். பிள்ளைக்கு வி.சி.இ. மாணவர் இலக்கம் ஒன்றுதான். தமிழ் படிப்பிக்கிற இடம் அதே இலக்கத்தில் பதிய வேண்டும், வழக்கமான பள்ளிக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் "பள்ளி பார்த்துக்கொள்ளும்" என்று இருந்துவிட்டது. பள்ளியோ அவர்கள் சொல்வார்கள் என்று இருந்தது. பாதி வருடம் போன பிறகுதான் பிள்ளையின் பதிவுத் தாளில் தமிழ் இல்லை என்று கண்டார்கள். வருடத் தொடக்கத்தில் பள்ளி கொடுக்கும் பாடப் பதிவுத் தாளை வாங்கி, தமிழ் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டால் இந்தக் கரைச்சல் இல்லை.

வீட்டில் தமிழ் கதைக்கிற பிள்ளை என்பதால் சுலபம் என்று நினைக்கிறோம். ஆனால் தமிழ் எழுத வருகிற மற்றப் பிள்ளைகளும் பெரும்பாலும் வீட்டில் தமிழ் கதைக்கிறவர்கள்தானே. போட்டி அவர்களோடு. எழுத்துப் பரீட்சையில் கேட்டு விடையளிப்பது, வாசித்து விடையளிப்பது, தமிழில் எழுதுவது என்று மூன்று பகுதி. முதல் இரண்டிலும் சில கேள்விகளுக்கு ஆங்கிலத்தில் விடை கேட்பார்கள், சிலவற்றுக்குத் தமிழில். நல்ல தமிழ் தெரிந்த பிள்ளை வேகத்தில் எல்லாவற்றையும் தமிழில் எழுதிப் புள்ளியை விடும். கேள்வித்தாளை வாசிக்க 15 நிமிடம் தருகிறார்கள். அதில் முதலில் பார்க்க வேண்டியது விடை மொழியைத்தான். அச்சிட்ட அகராதி கொண்டுபோகலாம். தமிழில் எழுதும் பகுதியில் யாருக்கு, எந்த வடிவில் என்பதற்கும் புள்ளி உண்டு. கடிதம் கேட்டால் கட்டுரை எழுதக் கூடாது. இதை நான் இங்கே சாதாரண தரப் பிள்ளைகளுக்கும் தொண்டை வறளச் சொல்லியிருக்கிறேன்.

வாய்மொழிப் பரீட்சை ஏறக்குறைய 15 நிமிடம். முதல் பாதி பிள்ளையின் வீடு, படிப்பு, பொழுதுபோக்கு பற்றிய உரையாடல். அடுத்த பாதி அவள் வகுப்பில் ஆழமாக ஆராய்ந்த ஒரு விடயம் பற்றிய கலந்துரையாடல். ஒரு படம் கொண்டுபோகலாம், குறிப்புத் துண்டு கொண்டுபோக முடியாது. பாடமாக்கி ஒப்புவித்தால் இரண்டாவது கேள்வியிலேயே பிடிபட்டுவிடும்.

இந்த இடத்தில்தான் வன்னி உதவும் என்று எனக்குப் படுகிறது. பெறாமகளுக்கு வவுனிக்குளத்தையும் வயலையும் எடுக்கச் சொல்லியிருக்கிறேன், அவளுடைய ஆசிரியர் சம்மதித்தால். பாலி ஆற்றை மறித்துக் கட்டிய குளம், துருசு திறக்கிற நாள், குளம் வான் பாய்கிற மழை, காலபோகத்துக்கும் சிறுபோகத்துக்கும் உள்ள வித்தியாசம் எல்லாம் என் அப்பாவுக்குத் தண்ணீர்பட்ட பாடு. ஆனால் அவர் சொல்வதை அவள் எழுதிப் பாடமாக்கக் கூடாது, திருப்பிக் கேள்வி கேட்க வேண்டும். சிறுபோகத்துக்கு எல்லா வயலுக்கும் ஏன் தண்ணீர் இல்லை? யாருக்கு எவ்வளவு என்று யார் முடிவெடுக்கிறது? பரீட்சகர் கேட்கப்போவதும் அப்படியான கேள்விகள்தான்.

சரி, சனிக்கிழமை அங்கே வகுப்பு முடிய, இங்கே காலை. அப்பா வயலுக்குப் போக முதல் அரை மணித்தியாலம் கிடைக்கும். சிக்னல் இருந்தால் வாட்ஸ்அப்பில் கதைப்பார்கள். இல்லாவிட்டால் கேள்விகளைக் குரல்பதிவாக அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.