இரண்டு கோடு பொருந்தும், ஒன்றுதான் சரி: பெவல் புரோட்ராக்டர் படிக்கிறவர்களுக்கு

போன வாரம் ஆறு துண்டு ஸ்க்ராப் ஆனது. மெஷின் கோளாறு இல்லை, டூல் தேயவில்லை, மெட்டீரியலும் நல்லது. கோணம் அளக்கிற வெர்னியர் பெவல் புரோட்ராக்டரை ஒரு பையன் தப்பான பக்கத்தில் படித்தான், அவ்வளவுதான். டூல் ரூமில் இன்ஸ்பெக்‌ஷன் பார்க்க வந்ததிலிருந்து இதே தப்பை எத்தனை பேரிடம் பார்த்துவிட்டேன் என்று கணக்கே இல்லை. ஒவ்வொரு தடவையும் வாயால் சொல்லித் திருத்தினேன். இந்தத் தடவை எழுதிவிடுகிறேன்.

வேலை இதுதான். ஃபிக்ஸ்சரில் போடும் ஆப்புத் துண்டு. டிராயிங்கில் கோணம் 28°20′, டாலரன்ஸ் ±10′. பையன் மில்லிங் மெஷினில் ஸ்விவல் வைஸைத் திருப்பி, ஏழு துண்டு வெட்டி, புரோட்ராக்டர் வைத்துப் பார்த்தான். 28°40′ என்று படித்தான். 20 மினிட் அதிகம். ஒரு துண்டை மட்டும் டிரேயில் விட்டுவிட்டு, வைஸைக் கொஞ்சம் பின்னால் திருப்பி, மீதி ஆறையும் மறுபடி வெட்டினான். இப்போது 28°00′. இருபது குறைத்தால் நாற்பது குறைந்துவிட்டது! சரி, பாதி திருப்புவோம் என்று 10 மினிட் கூட்டி வேறொரு வீண் துண்டை வெட்டிப் பார்த்தான். 28°50′ வந்தது.

அதற்கப்புறம்தான் என்னிடம் வந்தான். “அண்ணா, வைஸ் லூஸா இருக்குங்க. ஒண்ணு வெச்சா ஒண்ணு வருது.”

வைஸில் ஒரு குறையும் இல்லை. முதலில் வெட்டிய ஏழும் சரியாக 28°20′. டிரேயில் மிச்சமிருந்த ஏழாவது துண்டை 200 மி.மீ. சைன் பாரில் வைத்து, அடியில் 94.92 மி.மீ. ஸ்லிப் கேஜ் அடுக்கி, மேலே டயலை ஓட்டினேன். முள் அசையவில்லை. நல்ல துண்டுகளை எடுத்து 28°00′-க்கு வெட்டிக் கெடுத்திருக்கிறான். 60 மி.மீ. நீளத்துக்கு 20 மினிட் என்றால் 0.35 மி.மீ. வித்தியாசம். அந்த ஆப்பு அதன் இடத்தில் உட்காராது.

சரி, 28°20′ எப்படி 28°40′ ஆனது?

இந்த இடத்தில்தான் பெரும்பாலானவர்கள் தடுமாறுகிறார்கள். “வெர்னியரில் எந்தக் கோடு மெயின் ஸ்கேல் கோட்டோடு பொருந்துகிறதோ அதுதான் ரீடிங்” என்று ஐடிஐ-யில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். காலிப்பருக்கு அது போதும். காலிப்பரில் பூஜ்யத்துக்கு ஒரே பக்கம்தான் வெர்னியர் இருக்கும். பெவல் புரோட்ராக்டரின் வெர்னியரில் நடுவில் பூஜ்யம் இருக்கும், அதற்கு இரண்டு பக்கமும் 15, 30, 45, 60 என்று எண்கள் போகும். ஒரு பக்கத்துக்கு 12 பிரிவு. அந்த 12 பிரிவு மெயின் ஸ்கேலில் 23 டிகிரிக்குச் சமம். அப்படியானால் ஒரு பிரிவு 1°55′. மெயின் ஸ்கேலின் இரண்டு டிகிரியிலிருந்து இது 5 மினிட் குறைவு. மீச்சிற்றளவு 5 மினிட் என்று சொல்வது இதைத்தான். 11 டிகிரியை 12 ஆகப் பிரித்தாலும் அதே 5 மினிட் கிடைக்கும், ஆனால் கோடுகள் நெருக்கி அடித்துக்கொண்டு கண்ணுக்கே பிடிபடாது. அதனால்தான் 23.

இப்போது வெர்னியர் பூஜ்யத்தை மெயின் ஸ்கேலில் 28°20′-க்கு நேராக நிறுத்திப் பாருங்கள். எண்கள் ஏறுகிற பக்கமாக நாலாவது வெர்னியர் கோட்டுக்குப் போனால், நாலு 1°55′ சேர்த்து 7°40′. 28°20′-ஓடு கூட்டினால் சரியாக 36°. அந்தக் கோடு 36-வது டிகிரிக் கோட்டோடு கச்சிதமாகப் பொருந்தும். நாலாவது கோடு என்றால் 20 மினிட். இது சரியான ரீடிங்.

எண்கள் இறங்குகிற பக்கம் போங்கள். எட்டாவது கோடு, எட்டு 1°55′ சேர்த்து 15°20′. 28°20′-லிருந்து கழித்தால் சரியாக 13°. அந்தக் கோடும் 13-வது டிகிரியோடு அதே அளவுக்குக் கச்சிதமாகப் பொருந்தும்! எட்டாவது கோடு என்றால் 40 மினிட். பையன் படித்தது இதைத்தான்.

தயவுசெய்து இதை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். கோடு பொருந்தாமல் போனதால் தப்பு வரவில்லை. தப்பான பக்கத்திலும் ஒரு கோடு பொருந்தத்தான் செய்யும். லென்ஸ் வைத்துப் பார்த்தாலும் பொருந்தும், பத்துத் தடவை பார்த்தாலும் பொருந்தும். “நல்லா பார்த்தேன் அண்ணா, கோடு கோடா உக்காந்திருக்கு” என்று அந்தப் பையன் சொன்னது பொய்யே இல்லை. எவ்வளவு கவனமாகப் பார்த்தாலும், பார்க்கிற பக்கம் தப்பென்றால் ரீடிங்கும் தப்பு.

எந்தப் பக்கம் படிக்க வேண்டும்? வெர்னியர் பூஜ்யம் நிற்கிற இடத்தில் மெயின் ஸ்கேலின் எண்கள் எந்தப் பக்கமாக ஏறுகின்றனவோ அந்தப் பக்கம். இடமா வலமா என்பது கணக்கே இல்லை. மெயின் ஸ்கேல் 0-விலிருந்து 90 வரை ஏறி, மறுபடி 0-வுக்கு இறங்கி, இப்படியே சுற்றி வரும். ஆகவே ஒரு கால்வட்டத்தில் எண்கள் வலப்பக்கம் ஏறும், அடுத்ததில் இடப்பக்கம் ஏறும். அந்தத் துண்டை வைத்திருந்த விதத்தில் எண்கள் இடப்பக்கம் ஏறின. பையன் காலிப்பர் பழக்கத்தில் வலப்பக்கம் படித்துவிட்டான். டிகிரியை எண்ணிய அதே திசையில், நிறுத்தாமல் வெர்னியருக்குள் போங்கள். 26, 27, 28 என்று விரலை ஓட்டிக்கொண்டு வந்தால் அதே விரல் அப்படியே முன்னே போய்க் கோட்டைத் தேட வேண்டும். திரும்பி வரக் கூடாது.

இந்தத் தப்பைக் கையோடு பிடிக்க ஒரு வழி இருக்கிறது, நான் சொல்லிக்கொடுக்கிற எல்லோரையும் செய்ய வைக்கிறேன். இரண்டு பக்கமும் பொருந்துகிற கோட்டைப் பாருங்கள். இரண்டையும் கூட்டினால் 60 வர வேண்டும். 20-ம் 40-ம், 10-ம் 50-ம், 25-ம் 35-ம். 60 வரவில்லை என்றால் ஏதோ ஒரு பக்கத்தில் பக்கத்துக் கோட்டைப் பிடித்திருக்கிறீர்கள். 60 வந்தால் கோடு இரண்டும் சரி, இனி பக்கத்தை மட்டும் முடிவு செய்தால் போதும். அதற்கும் ஒரு சோதனை உண்டு: வெர்னியர் பூஜ்யம் 28-ஐத் தாண்டி எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று வெறும் கண்ணால் பாருங்கள். பாதிக்கு இந்தப் பக்கம் நின்றால் 30-க்குக் கீழேதான் இருக்க முடியும். மூன்றில் ஒரு பங்கு தள்ளி நிற்கிற பூஜ்யத்துக்கு 40 என்று எழுதலாமா? இரண்டு நொடி அந்தப் பூஜ்யத்தைப் பார்த்திருந்தால் ஆறு துண்டு மிஞ்சியிருக்கும்.

பையன் மெஷினில் பார்த்த விநோதத்துக்கும் விளக்கம் இதுதான். தப்பான பக்கத்தில் படிக்கிறவனுக்கு 60-லிருந்து கழித்த எண்தான் தெரியும். உண்மைக் கோணம் 28°20′, அவனுக்கு 40. உண்மை 28°00′ ஆனபோது பூஜ்யக் கோடே பொருந்துகிறது, அதனால் ரீடிங் தற்செயலாகச் சரியாக வந்தது. உண்மை 28°10′ ஆனபோது அவனுக்கு 50. ஒரே டிகிரிக்குள் கோணத்தை 5 மினிட் ஏற்றினால் ரீடிங் 5 மினிட் இறங்கும். வைஸை ஏற்றும்போது ரீடிங் இறங்கினால், அல்லது ஒரு டிகிரியைத் தாண்டும் இடத்தில் திடீரென்று குதித்தால், வைஸ் போல்ட்டைத் தொடாதீர்கள். முதலில் புரோட்ராக்டரை மறுபடி படியுங்கள். இன்னொன்று, உண்மை 30 மினிட்டாக இருந்தால் இரண்டு பக்கமும் 30 தான் வரும். அந்த ஒரு ரீடிங் சரியாக வந்ததை வைத்து “எனக்குப் படிக்கத் தெரியும்” என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். அப்ரென்டிஸுக்குத் தேர்வு வைக்கிற மேஸ்திரிகளும் 30 மினிட் துண்டைக் கொடுக்காதீர்கள்.

எழுதும்போது வருகிற தப்பும் ஒன்று உண்டு. 28°20′-ஐ 28.20 என்று எழுதி சிஎன்சி புரோகிராமுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். டிகிரிக்கு 60 மினிட், 100 இல்லை. 28.20 டிகிரி என்றால் 28°12′. 28°20′ என்றால் 28.333. விரிகோணத்துக்காக ரீடிங்கை 180-லிருந்து கழிக்கும்போதும் இதே கதைதான்: ஸ்கேலில் 62°25′ வந்தால் விடை 117°35′. 118°25′ என்று எழுதிக் கொண்டுவந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். 180-ஐ 179°60′ என்று எழுதிக்கொண்டு கழியுங்கள், தப்பாது.

வைக்கிற விதத்தைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை, வேலை தெரிந்தவர்களுக்குத் தெரியும். பிசிறை எடுத்துவிட்டு வையுங்கள். துண்டின் விளிம்புக்குப் புரோட்ராக்டர் செங்குத்தாக நிற்க வேண்டும், சாய்ந்தால் கோணமே வேறு. பிளேடுக்கும் முகத்துக்கும் நடுவில் வெளிச்சம் தெரிகிறதா என்று ஜன்னல் பக்கம் பிடித்துப் பாருங்கள். லாக் செய்த பிறகு மறுபடி வெளிச்சம் பாருங்கள், ஏனென்றால் நட்டை இறுக்கும்போது பிளேடு நகர்ந்துவிடும். ஸ்கேலுக்கு நேராகக் கண்ணை வையுங்கள். காலையில் ஒரு தடவை அடிப்பாகத்தையும் பிளேடையும் சர்ஃபேஸ் பிளேட்டில் படுக்கவைத்துப் பூஜ்யம் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பாருங்கள்.

டாலரன்ஸ் ±5′ என்று டிராயிங்கில் இருந்தால் இந்தக் கருவியை எடுக்கவே வேண்டாம். 5 மினிட்டுக்குக் கீழே இதில் படிக்க முடியாது, பிளேடு உட்காருவதிலேயே அந்த அளவு போய்விடும். அதற்குச் சைன் பார் இருக்கிறது.

அந்தப் பையனிடம் ஏழாவது துண்டைக் கொடுத்து, இரண்டு பக்கமும் படித்து எழுதச் சொன்னேன். 20, 40 என்று எழுதினான். கூட்டச் சொன்னேன். அப்புறம் பூஜ்யத்தைப் பார்க்கச் சொன்னேன். “இருபதுங்கண்ணா” என்றான். மறுபடி வெட்ட ஆறு துண்டு மெட்டீரியல் ஸ்டோரிலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறேன். முதல் துண்டை வெட்டியதும், வைஸைத் தொடுவதற்கு முன்னால் என்னிடம் காட்டச் சொல்லியிருக்கிறேன்.