ராத்திரி பாத்ரூம் வரைக்கும் 7 மீட்டர்: ஸ்ட்ரோக் பேஷன்டுக்கு ஒரு கோல் நோட்

நான் பிசியோதெரபிஸ்ட். ஸ்ட்ரோக் வந்து டிஸ்சார்ஜ் ஆகி வர்றவங்க ஃபைலைத் திறந்தா "கோல்"னு ஒரு கட்டம் இருக்கும், அதுல பெரும்பாலும் "நடையை இம்ப்ரூவ் பண்ணணும், பேலன்ஸ் கூட்டணும், கை பலம் வரணும்"னு மூணு வரி இருக்கும். ஒரு மாசம் கழிச்சு வேற ஒரு தெரபிஸ்ட் அந்த ஃபைலை எடுத்தா இது நடந்துச்சா நடக்கலையான்னு அவரால சொல்லவே முடியாது, வீட்டுல இருக்கிறவங்களாலயும் முடியாது. பேஷன்டோட மகன் "அப்பா இப்போ பரவால்லயா சார்"னு கேப்பாரு, நாங்களும் "பரவால்ல"ம்போம், பேச்சு அதோட முடிஞ்சிரும்.

ஒரு கேஸை வெச்சு சொல்றேன். அடையாளம் தெரியாத மாதிரி விவரங்களை மாத்திருக்கேன். 58 வயசு, மூளையோட வலது பக்கம் அடைப்பு, அதனால இடது கையும் காலும் விழுந்துருச்சு. ஆறாவது வாரம் என்கிட்ட வர்றாரு. நாலு கால் குச்சி பிடிச்சு நடக்கிறாரு, இடது பாதம் தொங்குறதால கணுக்காலுக்கு பிரேஸ் போடுறாரு, கூட ஒருத்தர் இடுப்பைப் பிடிச்சுக்கணும். என்ன வேணும்னு கேட்டா "பழைய மாதிரி ஆகணும்"னாரு. எல்லாருமே முதல்ல அதைத்தான் சொல்வாங்க, அதுல தப்பில்ல. ஆனா அதை அப்படியே நோட்ல எழுத முடியாது, அதனால கேள்வியை மாத்திக் கேட்டேன்: ஒரு நாள்ல உங்களுக்கு எது ரொம்பக் கஷ்டமா, கூச்சமா இருக்கு? கொஞ்ச நேரம் கழிச்சு சொன்னாரு, ராத்திரி பாத்ரூம் போக மனைவியை எழுப்ப வேண்டியிருக்கு, தினம் ரெண்டு மூணு தடவை, அவங்களும் தூங்கறதே இல்ல.

இதை வெச்சு நோட் எழுதலாம். ஏன்னா இதை எண்ண முடியும்.

முதல்ல அந்த வேலையைத் துண்டு துண்டா உடைக்கணும். படுத்த இடத்துலேருந்து எழுந்து கட்டில் ஓரத்துல உட்காரணும், அங்கேருந்து நிக்கணும், 7 மீட்டர் நடக்கணும், வாசல்ல நுழையணும், உள்ள போய் அரை வட்டம் திரும்பணும், ஒரு கையால துணியை இறக்கணும், கமோட்ல உட்காரணும், அப்புறம் இதெல்லாம் தலைகீழா. ஒவ்வொண்ணுலயும் இன்னைக்கு அவர் எங்க இருக்காருன்னு எழுதணும், அதைத்தான் பேஸ்லைன்ங்கிறோம். பேஸ்லைன் இல்லாத கோலை நான் படிக்கிறதே இல்ல.

இவரோட பேஸ்லைன்: 45 சென்டிமீட்டர் உயரக் கட்டில்லேருந்து கை ஊனாம எழுந்திரிக்கச் சொன்னா அஞ்சு தடவையில ஒரு தடவைதான் முடியுது. 10 மீட்டர் நடக்க 40 செகண்ட், அதாவது செகண்டுக்கு 0.25 மீட்டர். வாசல்ல இடது தோள் நிலையில இடிக்குது, பத்துல நாலு தடவை. பார்வை நல்லாத்தான் இருக்கு, ஆனா வலது மூளை ஸ்ட்ரோக்ல இடது பக்கம் ஒண்ணு இருக்குங்கிற கவனமே குறைஞ்சு போகும், அதனாலதான் இடிக்கிறாரு.

நடை வேகத்தை வீட்டுலயே அளக்கலாம், ஆனா ஒழுங்கா அளக்கணும். தரையில 10 மீட்டருக்கு ரெண்டு முனையிலயும் டேப் ஒட்டுங்க, முதல் டேப்புக்கு 2 மீட்டர் முன்னாடியே நடக்க ஆரம்பிச்சு கடைசி டேப்பைத் தாண்டி 2 மீட்டர் போய்தான் நிக்கணும், அப்போதான் கிளம்புற தயக்கமும் நிக்கிற தயக்கமும் கணக்குல வராது. அவ்ளோ நீள இடம் இல்லைன்னா நடுவுல 6 மீட்டரை மட்டும் அளங்க, ஆனா ஒவ்வொரு தடவையும் அதே நீளமா இருக்கணும். அதே செருப்பு, அதே குச்சி, அதே பிரேஸ், முடிஞ்சா அதே நேரம். நடக்கிறப்போ பேச்சு குடுக்காதீங்க. மூணு தடவை எடுத்து சராசரி போடுங்க. ஒருத்தர் பக்கத்துலயே நிக்கணும், ஸ்டாப்வாட்ச் இன்னொருத்தர் கையில இருக்கட்டும், ரெண்டையும் ஒரே ஆள் பண்ணா விழுறப்போ பிடிக்க முடியாது.

எவ்ளோ வேகம் வேணும்? செகண்டுக்கு 0.4 மீட்டருக்குக் கீழ இருந்தா வீட்டுக்குள்ள மட்டும் நடக்கிறவர், 0.4லேருந்து 0.8 வரைக்கும்னா வெளிய கொஞ்சம் போக முடிஞ்சவர், 0.8க்கு மேலன்னா வெளிய தாராளமா போறவர்னு ஸ்ட்ரோக் ரீஹாப்ல ரொம்ப நாளா ஒரு கணக்கு இருக்கு. அதே மாதிரி முதல் சில மாசத்துல செகண்டுக்கு 0.16 மீட்டர் கூடினா அந்த மாற்றம் தினசரி வாழ்க்கையிலயே தெரியும்னும் எடுத்துக்கிறோம். இவருக்கு நாலு வாரத்துல 10 மீட்டர் 24 செகண்ட்னு போட்டேன், அது 0.42 வருது, 0.25லேருந்து 0.17 ஏத்தம். 40 செகண்ட் 38 ஆச்சுன்னா நான் சந்தோஷப்பட மாட்டேன், அது அன்னைக்கு நல்லாத் தூங்கினதால கூட இருக்கலாம்.

ஆனா வேகம் துணைக் கணக்குதான். மெயின் கோலை இப்படி எழுதினோம்: "நாலு வாரக் கடைசியில, ராத்திரியில, பிரேஸும் நாலு கால் குச்சியும் வெச்சுக்கிட்டு, கட்டில்லேருந்து பாத்ரூம் போயிட்டுத் திரும்பி வர்றது, மனைவி முழிச்சிருப்பாங்க ஆனா தொட மாட்டாங்க, 7 ராத்திரியில 5 ராத்திரி, ஒரு தடவை கூட விழாம." எந்த நேரம், எந்த உதவி, எத்தனைல எத்தனை, எந்த தேதிக்குள்ள, எல்லாம் இதுல வந்துருச்சு பாருங்க. இதுல உதவின்னு எழுதுற இடத்துலதான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க. "உதவியோட நடக்கிறார்"னா என்ன அர்த்தம்? இடுப்பைப் பிடிக்கிறது வேற, தொடாம பக்கத்துல நிக்கிறது வேற, "இடது கால், இடது கால்"னு வாயால சொல்றது வேற. மூணுக்கும் நடுவுல வாரக்கணக்குல உழைப்பு இருக்கு, ஒரே வார்த்தையில எழுதினா அந்த உழைப்பு நோட்ல தெரியவே தெரியாது.

இதையே அஞ்சு படியாவும் போட்டு வெச்சேன். 1968ல கிரெசக், ஷெர்மன்னு ரெண்டு பேர் மனநல சிகிச்சைக்காகக் கொண்டு வந்த முறை, இப்போ ரீஹாப்ல நிறைய யூஸ் பண்றோம். இன்னைக்கு இருக்கிற நிலை, அதாவது மனைவி ஒவ்வொரு ராத்திரியும் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறது, மைனஸ் 2. மனைவி கூடவே நடந்து வர்றாங்க ஆனா தொடல, அது மைனஸ் 1. மேல எழுதின கோல் பூஜ்யம். 7 ராத்திரியும் அப்படியே நடந்தா பிளஸ் 1. மனைவியை எழுப்பவே இல்லைன்னா பிளஸ் 2. பூஜ்யம்னா ஃபெயில்னு வீட்டுல பயந்துருவாங்க, எதிர்பார்த்தது நடந்துருச்சுன்னுதான் அதுக்கு அர்த்தம்னு முதல் நாளே சொல்லிடுங்க.

ரெண்டாவது வாரம் ரிவ்யூ. 10 மீட்டர் 30 செகண்டுக்கு வந்துருச்சு. கட்டில்லேருந்து எழுந்திரிக்கிறது அஞ்சுக்கு நாலு. 55 சென்டிமீட்டர் உயரத்துல ஆரம்பிச்சு கெட்டி மெத்தையை ஒண்ணு ஒண்ணா எடுத்து உயரத்தைக் குறைச்சுக்கிட்டே வந்தோம், உயரம் குறையக் குறைய எழுந்திரிக்கிறது கஷ்டமாகும், அதுதான் பயிற்சியே. எல்லா நம்பரும் அழகா ஏறுது. ஆனா ராத்திரிக் கணக்குல 7க்கு பூஜ்யம், மைனஸ் 2லயே நிக்குது.

இந்த மாதிரி வர்றப்போ இன்னும் ரெண்டு செட் எக்சர்சைஸ் சேத்துக் குடுக்கத் தோணும், குடுக்காதீங்க. முதல்ல எந்தத் துண்டுல நிக்குதுன்னு பாக்கணும். மனைவிகிட்ட ஒரு தாள் குடுத்து, ஒவ்வொரு துண்டுக்கும் நேரா ராத்திரி "தொட்டேன் / தொடல"ன்னு மட்டும் டிக் போடச் சொன்னேன். தாள் திரும்பி வந்தப்போ விஷயம் புரிஞ்சுது. எழுந்து நிக்கிறது சரி, நடையில மூணு இடத்துல தொட்டிருக்காங்க, உள்ள திரும்புறப்போ எல்லா ராத்திரியும் தொட்டிருக்காங்க. கேட்டா, ராத்திரி அவசரத்துல பிரேஸ் போடுறதே இல்ல, வெறுங்கால், லைட்டும் போடுறதில்ல. நாங்க காலையில பத்து மணிக்கு, ஷூவும் பிரேஸும் போட்டு, வெளிச்சத்துல, நேர்கோட்டுல அளந்த வேகம் அந்த ராத்திரி நடையைப் பத்தி ஒண்ணுமே சொல்லல.

அப்புறம் மாத்தினது சின்னச் சின்ன விஷயம்தான். ஒட்டுப் பட்டை வெச்ச ஷூவுக்குள்ள பிரேஸைச் சொருகி கட்டில் ஓரத்துல வலது கைக்கு எட்டுற மாதிரி வெச்சோம், ஒத்தைக் கையால போடுறதே தனி கோல் ஆச்சு: ரெண்டு நிமிஷத்துக்குள்ள, உதவி இல்லாம. வழியில ராத்திரி லைட். எழுந்த உடனே நிக்காம ஒரு நிமிஷம் உட்காரணும், பிரஷர் மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு திடீர்னு நின்னா தலை சுத்தும். பாத்ரூம்ல வலது கை பக்கம் கம்பி. வாசல் நிலையோட இடது ஓரத்துல பளிச்சுனு சிவப்பு டேப், அதைத் தேடிப் பாத்துட்டுத்தான் நுழையணும். திரும்புறதுக்கு 12 குட்டி அடி எடுத்துட்டிருந்தாரு, கம்பியைப் பிடிச்சு 8க்குள்ளன்னு போட்டோம். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் துணி விஷயத்தைப் பாத்துக்கிட்டாங்க, எலாஸ்டிக் இடுப்பு வெச்ச துணி மாத்தினதுலயே பாதி பிரச்சனை போச்சு, இதுக்கு எந்தத் தசையும் பலமாக வேண்டியதில்ல பாருங்க.

நாலாவது வாரக் கடைசியில 7க்கு 5, விழல. பூஜ்யம். 10 மீட்டர் 26 செகண்ட், நான் போட்ட 24 வரல. வேகம் வராம மெயின் கோல் வந்துருச்சு, எனக்கு அது போதும்.

இன்னொண்ணு, கை. இவருக்கு இடது கையில விரலை நீட்டுற அசைவு சுத்தமா இல்ல. ஸ்ட்ரோக் வந்த முதல் நாட்கள்லயே கொஞ்சமாவது விரல் நீட்ட, தோளைப் பக்கவாட்டுல தூக்க முடிஞ்சவங்களுக்குத்தான் கை வேலை திரும்புற வாய்ப்பு நல்லா இருக்கு. இவருக்கு "இடது கையால சட்டைப் பட்டன் போடணும்"னு கோல் எழுதினா அது ஒவ்வொரு வாரமும் அவரைத் தோற்கடிக்கும். அதுக்காக கையை விட்டுடக் கூடாது. "உள்ளங்கையைத் துடைக்க, நகம் வெட்ட விரலை வலி இல்லாம விரிக்க முடியணும், துணி மாத்துறப்போ தோள் வலி பத்துக்கு 6லேருந்து 3க்குக் கீழ வரணும்"னு எழுதலாம், அதையும் எண்ணலாம். வலி குறையணும்னா தூக்கி விடுறவங்க அந்தக் கையைப் பிடிச்சு இழுக்கிறதை நிறுத்தணும், அதையும் நோட்லயே எழுதி கட்டில் பக்கத்துல ஒட்டினோம்.

ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை நோட்டைத் திறங்க. ஒரு தடவை விழுந்தா அந்த வாரக் கணக்கை நிறுத்திட்டு மைனஸ் 1 அளவு உதவிக்குத் திரும்புங்க, ஏன் விழுந்தாருன்னு தெரிஞ்சப்புறம் மேல போகலாம். புதுசா வாய் கோணல், பேச்சுக் குழறல், கை கால் இன்னும் தளர்றது இதுல எது வந்தாலும் அது கோல் நோட் சமாச்சாரம் இல்ல, எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுதுன்னு குறிச்சுக்கிட்டு அப்போவே எமர்ஜென்சிக்குக் கூட்டிட்டுப் போங்க.